எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். எதிர்த்தரப்பையும் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்று நினைத்து நடுவில் இந்தப் பத்தியைச் சேர்த்தேன்:

"வீட்டுப்பாடம் குழந்தைகளுக்கு ஒழுக்கத்தைக் கற்றுத்தருமாம். நாங்களெல்லாம் அப்படிப் படித்துத்தான் முன்னேறினோம் என்று சிலர் இன்னமும் நம்புகிறார்கள். பள்ளியில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியவரும் என்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை."

படித்த ஆசிரியர்கள் சிலர் நான் அவர்களைக் கேலி செய்துவிட்டதாக வருத்தப்பட்டார்கள். ஒரு வசைச்சொல்கூட நான் எழுதவில்லை. அவர்கள் சொல்வதைத்தானே சொன்னேன்? எதிர்வாதத்தை அதன் மிக வலுவான வடிவில் எடுத்துவைப்பதை 'ஸ்டீல்மேனிங்' என்கிறார்களே, அதை எழுத்தில் எப்படித்தான் செய்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் முதல் வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். "கற்றுத்தருமாம்." அந்த 'ஆம்' ஒன்றே போதும், வாசகர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். "இது பிறர் சொன்னது, நான் பொறுப்பில்லை" என்று தமிழில் அதற்குப் பொருள். வாதத்துக்கு நடுவில் வந்தால் "கேட்டீர்களா கூத்தை" என்ற தொனியும் சேர்ந்துகொள்ளும். 'இன்னமும்' என்ற சொல், அவர்கள் காலத்தில் பின்தங்கியவர்கள் என்கிறது. 'நம்புகிறார்கள்' என்பது அவர்களிடம் காரணம் இல்லை, நம்பிக்கை மட்டுமே உண்டு என்கிறது. 'சிலர்' என்பது அவர்களை எண்ணிக்கையில் சிறுக்க வைக்கிறது. வசைச்சொல் இல்லைதான். ஆனால் நான்கு இடங்களில் இலக்கணமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, எதிர்த்தரப்பைச் சொல்லும் வாக்கியங்களை நேரான வினைமுற்றில் எழுதுவது. "தருமாம்" என்பதை "தரும்" என்று மாற்றுங்கள். யாருடைய வாதம் என்பதைப் பத்தியின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் "என்கிறார்கள்" என்று நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தப் பத்தியை மட்டும் தனியே படிப்பவருக்கு நீங்கள் அந்தக் கட்சிக்காரர் என்றே தோன்ற வேண்டும்.

ஆனால் தொனியைத் திருத்துவதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. நீங்கள் எடுத்துக்கொண்ட மூன்று வாதங்களும் அந்தத் தரப்பின் மெலிந்த வாதங்கள். "நாங்களெல்லாம் அப்படித்தான் படித்தோம்" என்பது, கேள்வி கேட்டவுடன் வாய்க்கு வருவது. ஒரு தரப்பின் வலுவான வாதம் அவர்கள் நம்மோடு சண்டை போடும்போது கிடைக்காது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் கிடைக்கும். வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் ஒழுக்கம் பற்றிப் பேசுவதில்லை. "நேற்று நடத்திய கழித்தல் இன்று ஒருவனுக்கும் நினைவில்லை" என்றுதான் சொல்வார். வாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் உங்கள் பத்தி இப்படி வரலாம்:

"தொடக்க வகுப்புகளிலும் வீட்டுப்பாடம் வேண்டும் என்பவர்களின் அடிப்படை வாதம் நினைவைப் பற்றியது. காலையில் கற்ற வாய்பாட்டைச் சில மணி நேரம் கழித்து, உதவியில்லாமல், நினைவிலிருந்து ஒருமுறை மீட்டெடுத்தால்தான் அது தங்கும். பாடவேளைக்குள் அந்த இடைவெளிக்கு இடமில்லை. பள்ளி இதைக் கைவிட்டால் வசதியுள்ள வீடுகளில் தனிப்பயிற்சியாக அது தொடரும், மற்ற வீடுகளில் நின்றுபோகும், ஏற்றத்தாழ்வு கூடும். இந்த வயதில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு மெலிதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. வீட்டுப்பாடத்துக்குச் செலவான நேரத்தை அளந்தால், தடுமாறும் குழந்தைக்குத்தான் அதிக நேரம் ஆகியிருக்கும். பயன் இருந்தாலும் அந்தக் கணக்கில் அது மறைந்துவிடும்."

இதில் எதையும் நான் அவர்களுக்காகப் புனையவில்லை. இடைவெளி விட்டுப் படிப்பது மனதில் நன்றாகத் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். "ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை" என்று நீங்கள் எழுதியதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்கும். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஆறாம் வகுப்பு வரை மெலிதாகவும், ஏழாம் வகுப்பு முதல் வலுவாகவும் இருப்பதாக அது சொல்கிறது. ஆனால் அதே கூப்பர் வீட்டுப்பாடத்தை ஒழிக்கச் சொன்னவர் அல்லர். முதல் வகுப்புக்கு 10 நிமிடம், இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம் என்று வகுப்புக்குப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கத்தை ஆதரித்தவர். எதிர்த்தரப்பை அவர்களுடைய இடத்தில் நின்று தேடியிருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். படாததால், உங்கள் கட்டுரையின் மிக வலுவான வாக்கியம் என்று நீங்கள் நினைத்ததுதான் எளிதில் உடையும் வாக்கியமாக இருக்கிறது.

இனி மறுக்க முயன்று பாருங்கள். "வீட்டுப்பாடத்தால் பயனில்லை" என்று இப்போது எழுத முடியாது. இங்கேதான் ஸ்டீல்மேனிங் தன் வேலையைச் செய்கிறது. எதிர்வாதத்தை வலுவாக வைத்த பிறகும் உங்கள் முடிவு ஒரு சொல்கூட மாறாமல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் அதை வலுவாக வைக்கவில்லை என்றே பொருள். உங்கள் முடிவு தலைகீழாக வேண்டியதில்லை, அதன் எல்லை நகர வேண்டும். நகர்ந்த பிறகு எஞ்சுவது முன்னைவிட உறுதியாக இருக்கும்.

எஞ்சுவது என்ன? நேரத்தை அளப்பதால் பயன் மறைகிறது என்பது சரி. ஆனால் அதே காரணத்தால், கெடுதல் இருந்தாலும் அதையும் பிரித்துக் காண முடியாது. அந்த வாதம் ஆய்வுகளால் இதைத் தீர்க்க முடியாது என்பதைக் காட்டுகிறதே தவிர, பயன் உண்டு என்பதைக் காட்டவில்லை. அடுத்து, இடைவெளி வேண்டும் என்பதை முழுதாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கு மாலைதான் வேண்டுமா என்று கேளுங்கள். மறுநாள் காலை முதல் பத்து நிமிடம் நேற்றைய பாடத்தை நினைவிலிருந்து எழுதச் சொன்னால், இடைவெளி மாலையைவிட நீளமாகவே கிடைக்கிறது. அருகில் ஆசிரியர் இருக்கிறார், எந்த வீட்டில் யார் உதவுகிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. ஏற்றத்தாழ்வு கூடும் என்ற வாதத்துக்கும் அதிலேயே பதில் வந்துவிடுகிறது. அதற்கு அவர்கள், ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் 2000 நிமிடம், கிட்டத்தட்ட 33 மணி நேரம் புதிய பாடத்திலிருந்து போகிறதே என்பார்கள். அந்தச் செலவை நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் கட்டுரை இப்போது "வீட்டுப்பாடம் வீண்" என்ற கட்டுரை அல்ல. "அந்த 33 மணி நேரத்தைப் பள்ளி தர வேண்டுமா, குழந்தையின் மாலை தர வேண்டுமா" என்ற கட்டுரை. உண்மையான கருத்து வேறுபாடும் அதுதான்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துவைப்பதைக் குறிக்கப் பூர்வபட்சம் என்ற சொல்லே இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில், ஒவ்வொரு மதமும் முதலில் அதன் வாதப்படி சொல்லப்படுகிறது; மறுதலை அதற்குப் பிறகு, தனிப்பகுதியாக வருகிறது. அந்தப் பிரிவினையை மட்டுமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பத்தியில் எதிர்த்தரப்பு மூன்று வாக்கியம் பேசியதும் நான்காவது வாக்கியம் 'ஆனால்' என்று குறுக்கே பாய்கிறது. அந்த 'ஆனால்' அடுத்த பத்திக்குப் போக வேண்டும்.

மேற்கில் தத்துவ அறிஞர் டேனியல் டெனட் 2013-இல் இதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார். கணித உளவியலாளர் அனடோல் ரப்போபோர்ட்டிடமிருந்து பெற்றதாக அவரே குறிப்பிடுகிறார். எதிராளியின் கருத்தை, "நானே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று அவர் நினைக்கும்படி சொல்வது, ஒத்துப்போகும் இடங்களைச் சொல்வது, அவரிடமிருந்து கற்றதைச் சொல்வது, அதன்பிறகே மறுப்பு. நான்கில் முதலாவதுதான் கடினம். இரண்டாவதும் மூன்றாவதும் சடங்காகிவிடக் கூடியவை. "ஆசிரியர்களின் அர்ப்பணிப்பை மதிக்கிறேன், இருந்தாலும்" என்று எழுதுவதில் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. எதைக் கற்றீர்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதில் நல்லெண்ணம் உள்ளவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்வாதத்தை வலுப்படுத்துகிறேன் என்று, அவர்கள் ஒருபோதும் சொல்லாத, நமக்குப் பிடித்தமான ஒரு வாதத்தை அவர்கள் வாயில் வைத்துவிடுவோம். "வீட்டுப்பாடம் கேட்பவர்கள் உண்மையில் கேட்பது பெற்றோர் குழந்தையோடு செலவிடும் நேரத்தைத்தான்" என்று எழுதினால் கேட்க இதமாக இருக்கும். ஆனால் நினைவைப் பற்றிப் பேசிய ஆசிரியருக்கு அது அவமதிப்பு. அவருடைய வாதத்தை எடுத்து வைத்துவிட்டு நம்முடையதை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம். எதிர்வாதத்தை வேண்டுமென்றே மெலிதாக்கி அடிக்கும் 'வைக்கோல் பொம்மை' உத்தியில் எதிராளி பலவீனமாகத் தெரிவார். இதில் எதிராளியே காணாமல் போகிறார். பத்தியைப் படித்துவிட்டு அவர் கீழே கையெழுத்துப் போடுவாரா என்பதுதான் கேள்வி. போட மாட்டார் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நீக்குங்கள்.

இன்னொரு ஆபத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக எழுதிய பூர்வபட்சத்தைப் பிறர் வெட்டி எடுத்துப் பயன்படுத்துவார்கள். டார்வின் 1859-இல் தன் கோட்பாட்டின் சிக்கல்களுக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். கண்ணைப் போன்ற ஓர் உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது மிகவும் அபத்தமாகத் தோன்றுகிறது என்று அதில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, அது எப்படி முடியும் என்று விளக்கினார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடுங்கி, "டார்வினே சொல்லிவிட்டார்" என்று காட்டுபவர்கள் இன்றும் உண்டு. இதற்காக எதிர்வாதத்தை நீர்க்கச் செய்ய வேண்டாம். பத்தியின் முதல் வாக்கியத்தில் "என்பவர்களின் வாதம்" என்று தெளிவாகக் குறித்துவிடுங்கள். அதற்குமேல் தடுக்க வழியில்லை.

எல்லாவற்றுக்கும் இது தேவையா என்றால், இல்லை. "இந்த ஆண்டு மழை பெய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால் மழைக்கணக்கைக் காட்டினால் போதும். தரவால் முடியக்கூடிய கூற்றுக்கு வாதம் கட்டித்தருவது வீண் வேலை. விலை கொடுத்து வாங்கவேண்டிய இரண்டு நன்மைகள் மோதும் இடத்தில்தான் இது உதவுகிறது. உங்கள் பொருள் அப்படிப்பட்டது.

புதிய பத்தியை எழுதியதும், வருத்தப்பட்ட ஆசிரியர்களில் ஒருவருக்கு அனுப்புங்கள். பத்தியை மட்டும் அனுப்புங்கள், மறுப்பை அனுப்ப வேண்டாம். மறுப்பைப் பார்த்தால் அவர் அதற்குத்தான் பதில் சொல்வார். "சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "சரி" என்றுவிடுவார். "இதில் எதை விட்டுவிட்டேன்? எந்த வாக்கியத்தை நீங்கள் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவர் அடித்துத் திருத்தித் தரும் வரியை அப்படியே சேர்த்துக்கொண்டு, அதன்பிறகு மறுப்பை எழுத உட்காருங்கள்.