‘அறுந்து போகாத தாலிக்கொடி’ என்று எழுதலாமா?

கேள்வி: வீடியோ ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு நகைக்கடையின் கல்யாண நகை வீடியோவுக்கு ஆங்கிலத்தில் வந்த வாசகங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘ஒவ்வொரு மணமகளும் ஜொலிக்கத் தகுதியானவள்’, ‘உன் கனவு நாளுக்கான ஆபரணங்கள்’, ‘எளிதில் அறுந்து போகாத தாலிக்கொடி’, ‘உங்கள் மகளை 51 பவுனில் அனுப்பி வையுங்கள்’. முதலாளி பார்த்துவிட்டு, “தப்பா எதுவும் இல்ல, ஆனா நம்ம வீட்டுப் பேச்சா இல்லையே” என்றார். அவருடைய அம்மா மூன்றாவது வரியைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாராம். எங்கே தவறினேன்?

— வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்த அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். தாலி என்ற சொல்லின் பக்கத்தில் ‘அறு’ என்ற வினையை வைக்கவே கூடாது. ‘போகாத’ என்று எதிர்மறையாக முடித்தாலும் காதில் முதலில் விழுவது ‘அறுந்து’தான். நம் வீடுகளில் தாலிக் கயிறு இற்றுப்போனால்கூட ‘பெருகிற்று’ என்பார்கள். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பார்கள். இதற்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. நன்னூல் இதை மங்கலம் என்று தகுதி வழக்கில் சேர்க்கிறது. நாளைக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் இந்தக் காது இன்னும் கூர்மையாக இருக்கும்.

நானும் இதில் தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காகத் தாலிக்கொடியின் கொக்கியைப் பற்றி ‘எளிதாகக் கழற்றலாம்’ என்று எழுதினேன். கடையில் பல வருடமாக விற்பனை வேலை பார்த்த ஓர் அக்கா அதைப் படித்துவிட்டு, “கழற்றுறதுக்கா தாலி வாங்குறாங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து தாலி, மெட்டி, வளையல் மூன்றுக்கும் அருகில் அறு, உடை, கழற்று, முடி ஆகிய வினைகள் வருகின்றனவா என்று தனியாக ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். உங்கள் வரியில் சொல்ல வந்தது உறுதியைத்தானே? அதை நேராகச் சொல்லுங்கள்: ‘கெட்டியான பின்னல், அழுத்தமான கொக்கி. நெடுங்காலம் நிலைக்கும் தாலிக்கொடி.’ கடைசிக் காட்சியில் ‘சலுகை இன்றோடு முடிகிறது’ என்று இருந்தால், அதையும் ‘இன்று வரை சலுகை’ என்று மாற்றிவிடலாம்.

அடுத்து, யார் பேசுகிறார்கள் என்பது. உங்கள் முதல் இரண்டு வரிகளில் ‘தகுதியானவள்’ என்றும் ‘உன்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடை பேசுவது முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணோடு. கடை வாசலில் “வாங்கம்மா” என்று அழைத்துவிட்டுத் திரையில் ‘உன்’ என்றால் ஒட்டாது. அதற்காக ‘மணமகள் வருகிறார்’ என்று எழுதினால், கலெக்டர் வருவதுபோல் விறைப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அள், ஆர் என்று முடியும் வினையையே விட்டுவிடுங்கள். அலங்காரம் முடித்த அத்தையோ பெரியம்மாவோ அறைக்குள்ளிருந்து சொல்வதுபோல எழுதுங்கள்: ‘நெற்றிச்சுட்டி வைத்தாயிற்று. இனி மணவறைக்கு அழைத்து வரலாம்.’ ‘ஜொலிக்கத் தகுதியானவள்’ என்று எந்த அத்தையும் சொல்ல மாட்டாள். ‘கண் பட்டுவிடும்’ என்பாள்.

இப்படி வீட்டுப் பேச்சாக எழுதும்போது வினைகளும் தாமாக மாறிவிடும். எல்லா நகைக்கும் ‘அணி’ என்றே எழுதினால் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். நெற்றிச்சுட்டி வைப்பது, வளையல் அடுக்குவது, ஒட்டியாணம் பூட்டுவது, கொலுசு போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருக்கிறது. மெட்டியை அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை போட்டுவிடுவார். மெட்டியும் கொலுசும் வெள்ளியில் போடுவதே பழக்கம். தங்கத்தை மகாலட்சுமியாக நினைப்பதால் காலில் போடாத வீடுகள் நிறைய. வீடியோவில் அந்தக் காட்சி இருந்தால் ‘தங்க மெட்டி’ என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள், அது வெள்ளியா தங்கமா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது வரி எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. ‘51 பவுனில் அனுப்பி வையுங்கள்’ என்றால் பெண்ணோடு சேர்த்து எடை போட்டுக் கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அவ்வளவு முடியாத அப்பாக்களும் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள். எடையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. பவுன் என்பது 8 கிராம். வாங்க வருகிறவருக்கு அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். எடையைப் பெண்ணின் மேல் ஏற்றாமல் நகையின் மேல் வையுங்கள்: ‘மாங்காய் மாலை, 4 பவுனிலிருந்து.’ எண்ணை மட்டும் கடையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் வீடியோ 30 வினாடி, ஆறு காட்சி என்று வைத்துக்கொள்கிறேன். காட்சிக்கு ஐந்து வினாடி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதனால் நான்கைந்து சொல், இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். நான் எழுதினால் இப்படி வரும்:

தலை அலங்காரம்: ‘ராக்கொடி, ஜடைநாகம். / பாட்டி கேட்டது இதுதான்.’

நெற்றி: ‘நெற்றிச்சுட்டி வைத்தாயிற்று. / கண் பட்டுவிடும்!’

கழுத்து: ‘மாங்காய் மாலை, / 4 பவுனிலிருந்து.’

இடுப்பு: ‘ஒட்டியாணம் பூட்ட / சித்தியைக் கூப்பிடுங்கள்.’

தாலிக்கொடி: ‘கெட்டியான பின்னல். / நெடுங்காலம் நிலைக்கும்.’

கடைசி: ‘முகூர்த்த நகை எடுக்க / குடும்பத்தோடு வாருங்கள்.’

கவனித்தீர்களா, வரியை உடைத்த இடத்தில் பேச்சிலும் மூச்சு நிற்கும். ‘4’ ஒரு வரியிலும் ‘பவுன்’ அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடக் கூடாது. இவற்றை எழுத்து நடையில் எழுதியிருக்கிறேன். முதலாளிக்குப் பேச்சு நடைதான் பிடிக்குமென்றால் ‘வச்சாச்சு’, ‘கூப்பிடுங்க’, ‘வாங்க’ என்று ஆறையும் மாற்றிவிடுங்கள். மூன்று இப்படியும் மூன்று அப்படியும் இருந்தால் இரண்டு பேர் எழுதியதுபோல் தெரியும். தாலிக் காட்சியில் கடை எந்த வீட்டார்க்கெல்லாம் நகை செய்கிறது என்றும் கேளுங்கள். கருகமணியும் சிலுவைத் தாலியும் அங்கே இருந்தால், ‘தமிழ்க் கல்யாணம்’ என்று ஒரே சடங்கைக் காட்டுவது அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

கடைசியாக, கொடுக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ‘வைரத்தோடு’ என்று சேர்த்து எழுதினால் ‘வைரத்துடன்’ என்று பொருளாகிவிடும். காதில் போடுவதற்கு ‘வைரத் தோடு’ என்று இடம் விட்டு எழுத வேண்டும். அப்புறம், எடிட்டிங் மென்பொருளில் ‘மெட்டி’, ‘கொலுசு’ இரண்டையும் தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், Premiere Pro-வில் Preferences பகுதிக்குள் எழுத்து இயந்திரத்தை South Asian and Middle Eastern என்று மாற்றி, ஆறு வாசகங்களையும் ஒரு முறை போனில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு அந்த அம்மாவிடம் காட்டுங்கள்.