தோழியின் 26 மதிப்பெண் சாட்சி ஆகுமா?

*அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் கட்டுரையில் ‘சான்றுகள்’ பகுதிக்கு 30-க்கு 15தான் வந்தது. டி.ஏ. எனப்படும் உதவி ஆசிரியர்களில் வேறொருவர் திருத்திய என் தோழியும் என்னைப் போல நான்கு ஆய்வுக் கட்டுரைகளைத்தான் காட்டினாள்; அவளுக்கு 26. பேராசிரியர் மாற்ற முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். துறைக் குழுவுக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதம், திருத்திய தாள், மதிப்பெண் அளவுகோலான ரூப்ரிக் எல்லாம் இணைத்திருக்கிறேன். எடுபடுமா?*
— ஒரு வாசகி

இப்போது இருக்கிற வடிவில் எடுபடாது. மூன்றில் இரண்டு பக்கம் உங்கள் உழைப்பு, ஸ்காலர்ஷிப், அந்த டி.ஏ.வின் கடுகடுப்பு என்றே போகிறது. கட்டுரை எவ்வளவு நல்லது என்ற தீர்ப்பைக் குழுக்கள் பெரும்பாலும் ஆசிரியரிடமே விட்டுவிடும். அறிவித்த அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்களா, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயன்படுத்தினார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

அதற்கான வலுவான ஆதாரம் உங்கள் தாளிலேயே இருக்கிறது, கடிதத்தில்தான் காணோம். 25 முதல் 30 வரை பெற, ‘குறைந்தது நான்கு ஆய்வுக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் வாதத்தோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும்’ என்கிறது ரூப்ரிக். டி.ஏ. ஓரத்தில் எழுதியிருப்பதோ, ‘ஐந்தாவது சான்று இல்லை, மேற்கோள் வடிவமும் பிழை.’ ஐந்து வேண்டும் என்று ரூப்ரிக்கில் எங்குமே இல்லை. மேற்கோள் வடிவத்துக்குத் தனியாக 10 மதிப்பெண் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே 4 போய்விட்டது. ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் வெட்டு!

தோழியின் 26 அவ்வளவு வலுவான சாட்சி இல்லை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அவர் சான்றுகளை வாதத்தோடு நன்றாக இணைத்திருக்கலாம். உங்கள் நான்காம் பக்கத்தில் இரண்டு கட்டுரைகள் வெறும் மேற்கோளாகவே நிற்கின்றன. அதனால் 30 கேட்காதீர்கள். தோழி எழுத்தில் சம்மதித்தால் மட்டும் அவர் தாளை இணையுங்கள். மற்ற மாணவர்களின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் காட்டாது. மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் குழுவால் பார்க்க முடியும். இரண்டு டி.ஏ.க்களின் பிரிவுகளிலிருந்தும் சில தாள்களை எடுத்து, பெயரை மறைத்து, ரூப்ரிக்கின் ‘சான்றுகள்’ வரிசையை மட்டும் ஒப்பிடும்படி கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். முதல் பத்தி இந்தப் பொருளில் இருக்கட்டும்: ‘சான்றுகள் வரிசையில் ரூப்ரிக்கில் இல்லாத நிபந்தனை சேர்க்கப்பட்டுள்ளது, வடிவப் பிழைக்கு இருமுறை மதிப்பெண் குறைக்கப்பட்டுள்ளது. அந்த வரிசையை வேறொருவர் இதே ரூப்ரிக்கைக் கொண்டு மறுமதிப்பீடு செய்ய வேண்டுகிறேன்.’ அதன் கீழே ரூப்ரிக் வாசகத்தையும் டி.ஏ. குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே எடுத்துப் போடுங்கள். டி.ஏ.வின் குணம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அனுப்பும் முன் துறைக் கையேட்டில் இரண்டு விஷயம் பாருங்கள்: கடைசித் தேதி, மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் விதி உண்டா என்பது. பேராசிரியர் மறுத்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் அவரிடம் கேட்டதற்குச் சான்று இல்லையென்றால், பல துறைகளில் கடிதத்தைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள்.