மூன்றரை மணிக்கு மணி முள் 3-லேயே நிற்கிறது

கேள்வி: பழைய பெண்டுலம் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினேன். தினமும் 4 நிமிடம் பின்தங்குகிறது. மூன்றரை மணிக்கு மணி முள் சரியாக 3-ன் மேலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இல்லை, இரண்டும் வெவ்வேறு. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் முள். மணி முள் நிமிடத்துக்கு அரை டிகிரி நகரும். எனவே மூன்றரைக்கு அது 3-க்கும் 4-க்கும் நட்டநடுவில், 12-லிருந்து 105 டிகிரியில் இருக்க வேண்டும். நிமிட முள் 180-ல் இருப்பதால் இடைக்கோணம் 75. உங்களுடையதில் 90 இருக்கிறது. அதாவது மணி முள் 15 டிகிரி பின்னால் மாட்டப்பட்டிருக்கிறது. இது நேரம் பின்தங்குவதால் வருவதல்ல. கடிகாரம் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் இரண்டு முள்ளும் பல்சக்கரத்தால் பிணைந்தே நகரும்.

மணி முள் அதன் குழாயில் இறுக்கத்தால் மட்டுமே பிடித்து நிற்கிறது. நிமிட முள்ளை முன்னோக்கியே நகர்த்தி 12-க்குக் கொண்டுவந்து, மணி அடித்து முடியவிடுங்கள். எத்தனை அடித்ததோ அந்த எண்ணுக்கு மணி முள்ளை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். ஆறு மணிக்கு இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால் சரியாகிவிட்டது. சில நாளில் மீண்டும் விலகினால் முள் தளர்ந்திருக்கிறது, இறுக்க வேண்டும்.

அடுத்து அந்த 4 நிமிடம். ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் அது 360-ல் ஒரு பங்கு. ஊசலாடும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் நீளத்தில் இரு மடங்கு, அதாவது 180-ல் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பெண்டுலம் 25 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1.4 மில்லிமீட்டர்தான்! குண்டின் அடியில் உள்ள நட்டைத் திருகிக் குண்டை உயர்த்தினால் வேகம் கூடும். பெண்டுலத்தை நிறுத்தி, குண்டைக் கையால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். இல்லாவிட்டால் மேலே தொங்கவிடும் மெல்லிய தகடு முறுகிவிடும்.

கணக்கு நட்டின் மரையைப் பொறுத்து மாறும் என்பதால், ஒரு முழுச்சுற்று மட்டும் திருகி 24 மணி நேரம் விடுங்கள். பின்தங்கல் 4-லிருந்து இரண்டரையாகக் குறைந்தால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். மீதிக்கு ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருகினால் போதும். சில மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுத் திருகாதீர்கள். 6 மணி நேரத்தில் இந்த 4 நிமிடம் வெறும் ஒரு நிமிடமாகத்தான் தெரியும். விற்பவர் கடையில் சரியான நேரத்தைக் காட்டினாலும் அதனால்தான் அது எதையும் நிரூபிக்காது.

எஃகுத் தண்டு என்றால் 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் நாளுக்குச் சுமார் 5 விநாடி பின்தங்கும். அதை விட்டுவிடுங்கள். சாவி கொடுத்து, நட்டைத் தொடாமல் வைத்தும் ஒரு நாள் 4, மறுநாள் 9 என்று தாவினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. அப்போது திருப்பிக் கொடுங்கள்.