பேரை மாத்தி எழுதியாச்சு, ஆர்சி பழசு

"தரங்கம்பாடியில் பழைய ஃபைபர் படகு வாங்கினேன். ஆர்சியில் 'கடலரசி', நான் மகள் பேர் 'யாழினி' எழுதிட்டேன். நம்பர் சரியா இருக்கே, போதாதா?"

போதாது தம்பி. நடுக்கடலில் கோஸ்ட் கார்டோ மரைன் போலீஸோ நிறுத்தினால், படகின் முன்பக்கமான அணியத்தில் இருக்கிற பேரையும் IND-TN நம்பரையும் ஆர்சியோடு ஒத்துப் பார்ப்பாங்க. பேர் வேறன்னா, வேறொரு படகின் நம்பரை எழுதிக்கிட்டு வந்த திருட்டுப் படகோன்னுதான் முதலில் சந்தேகம் வரும். எங்க படகை ஒருதரம் அப்படி நிறுத்தி விசாரிச்சாங்க. விடும்போது ஐஸ் கரைஞ்சு, மத்தி வயிறு வெடிச்சுப் போச்சு.

அதைவிடப் பெரிய பயம் வேற. இஞ்சின் நின்னு படகு ஒதுங்கினால் வீட்டுக்காரங்க 'யாழினி'யைக் காணோம்னு சொல்வாங்க. பதிவேட்டில் இருப்பது 'கடலரசி'. தேடுறவங்களுக்கு அந்தக் குழப்பத்திலேயே நேரம் போயிடும். இன்சூரன்ஸிலும் இதே கேள்வி வரும்.

இப்போதைக்கு 'கடலரசி'ன்னே திருப்பி எழுதுங்க. விற்பனைப் பத்திரத்தோடு மீன்வளத்துறை ஆபீஸில் உரிமை மாற்றத்துக்குக் கொடுக்கும்போதே பேர் மாற்றமும் கேளுங்க. புது ஆர்சி கைக்கு வந்தப்புறம், அதிலுள்ள எழுத்தைப் பார்த்தே பெயிண்டர் எழுதட்டும். ஒருத்தர் 'யாழினி'க்கு முன்னால் அழகுக்கு 'ஸ்ரீ' போடுவார், விடாதீங்க.