குர்தி சைஸ் 40: ஜெர்மனிக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: வீரவநல்லூர் கைத்தறிக் குர்தியை ஜெர்மனிக்கு விற்கிறேன். சைஸையும் துவைக்கும் முறையையும் எப்படி மொழிபெயர்க்க?

உங்க 40 உடம்பளவா, தைச்ச அளவான்னு முதல்ல டெய்லர்கிட்ட கேளுங்க. உடம்பளவுன்னா மார்பு 40 இன்ச், அதாவது 101.6 செ.மீ. ஜெர்மனியில பெண்களுக்கான 40, சுமார் 92 செ.மீ. மார்புக்கு. எண்ணை மாத்தாம போட்டா தொளதொளன்னு இருக்கும், பார்சல் திரும்பி வரும். 44னு போடுங்க. கூடவே குர்தியைத் தரையில விரிச்சு, அக்குளுக்கு அக்குள் அளந்து, இரட்டிப்பாக்கி, ‘தைத்த அளவு’ன்னு செ.மீ.யில கொடுங்க.

‘நிழலில் உலர்த்தவும்’ மட்டும் போதாது. அங்கே டிரையர்ல போட்டுருவாங்க, பருத்தி சுருங்கிரும். ‘டிரையர் கூடாது’ன்னே எழுதணும். சாயம் போகும்னா, ‘30 டிகிரிக்கு மேல் வேண்டாம், தனியாகத் துவைக்கவும்’ சேருங்க.

‘காட்டன் சில்க்’னு பொத்தாம்பொதுவா விடாதீங்க, ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு இழையும் எத்தனை சதவீதம்னு சொல்லணும். பட்டே இல்லாத துணிக்கு அந்தப் பேரே ஆகாது.