திரையில் கூசுகிறதா? முதலில் அணைத்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. பில் போடும் மானிட்டர் கிளாஸி. மத்தியானத்துக்கு மேல் எழுத்தே தெரியவில்லை. மேட் ஸ்டிக்கர் ஒட்டினால் சரியாகுமா சார்?

ஆகாது. ஸ்டிக்கர் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மத்தியானம் கூசுகிற நேரத்தில் மானிட்டரை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் பளிச்சென்று எது தெரிகிறதோ அதுதான் எதிரி. உங்கள் கடையில் ஷட்டர் வழியே வெயில் அடிக்கும் ரோடுதான் தெரியும் என்பது என் கணிப்பு.

கணக்கு இதுதான். திரையும் சுவரும் எவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்பதை நிட் என்ற அலகில் சொல்வார்கள். சாதாரண மானிட்டரின் வெள்ளை 250 நிட் அளவில் இருக்கும். வெயிலில் காயும் ரோடும் எதிர்ச்சுவரும் சுமார் 5,000 நிட். பூச்சில்லாத கண்ணாடி அதில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அதாவது 200 நிட். இந்த 200 எழுத்தின் மேலும் விழும், பின்னணியின் மேலும் விழும். அதனால் வெள்ளை 450, கறுப்பு 200 என்று நிற்கிறது. இருட்டறையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் காட்டுகிற மானிட்டர் இங்கே இரண்டு மடங்குதான் காட்டுகிறது. எழுத்து எப்படித் தெரியும்?

மேட் பரப்பு அந்த வெளிச்சத்தை விழுங்குவதில்லை, இறைத்து விடுகிறது, அவ்வளவுதான். ரோட்டின் உருவம் கலையும், பதிலுக்குத் திரை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். பிரதிபலிப்பை நிஜமாகவே குறைப்பது ஏ.ஆர். கோட்டிங். அது 4 சதவீதத்தை 1 சதவீதத்துக்குக் கொண்டுவரும், 200 நிட் 50 ஆகும். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அந்தப் பூச்சு தொழிற்சாலையிலேயே வர வேண்டியது.

செலவில்லாத வழி, மேசையைக் கால் வட்டம் திருப்புவது. திரை ரோட்டைப் பார்க்காமல் பக்கச் சுவரைப் பார்க்கட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளைச் சுவர் சுமார் 100 நிட்தான், அதில் 4 சதவீதம் வெறும் 4 நிட். இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் சுமார் அறுபது மடங்காகும். எந்த ஸ்டிக்கரும் இதைத் தராது. திருப்பிய பிறகும் மேலே இருக்கும் டியூப்லைட் திரையில் தெரிந்தால், திரையின் மேல் விளிம்பை உங்கள் பக்கம் இரண்டு விரற்கடை சாய்த்து வையுங்கள், அந்த வெளிச்சம் உங்கள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும். கல்லாவில் உட்காருகிறவர் வெள்ளைச் சட்டை போட்டால் அதுவும் கிளாஸி திரையில் தெரியும், அடர் நிறம் நல்லது.

ராயபுரம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். கிளாஸியா, மேட்டா?

ஜன்னலை மறைக்க முடிகிற அறை என்றால் ஏ.ஆர். பூசிய கிளாஸி. முடியாதென்றால் லேசான மேட்.

பெரம்பூர். என் லேப்டாப் 14 இஞ்ச். அதற்கு பிரைவசி ஃபில்டர் எது வாங்கலாம்?

14 இஞ்ச் என்று மட்டும் எழுதினால் என்ன சொல்வது? 16:9 திரை என்றால் அகலம் 310, உயரம் 174 மில்லிமீட்டர். 16:10 என்றால் 302, 188. இரண்டுமே 14 இஞ்ச்தான், ஒன்றின் ஃபில்டர் மற்றதில் உட்காராது. ஸ்கேலை எடுத்து, வெளிச்சம் வருகிற பகுதியை மட்டும் அளந்து, அகலம், உயரம் இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கறுப்பு விளிம்பைச் சேர்க்காதீர்கள். மூடி இறுக்கமாக மூடும் மெல்லிய லேப்டாப் என்றால் ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும், இடையில் அழுந்தினால் பேனல் விரிசல் விடும்.

வியாசர்பாடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை. வருகிறவர்களின் ஆதார், பேங்க் விவரம் எல்லாம் திரையில் வரும். பிரைவசி ஃபில்டர் போட்டுவிட்டேன். இனி பயமில்லையே ஐயா?

இருக்கிறது. ஃபில்டரைப் போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பும் கடைகள் ஏராளம், நஷ்டம் கடைக்காரருக்கு இல்லை, ஆதார் எண்ணைக் கொடுத்தவருக்கு.

ஃபில்டருக்குள் நுண்ணிய கறுப்புத் தகடுகள் செங்குத்தாக நிற்கின்றன, ஜன்னலில் மாட்டும் பிளைண்ட்ஸ் போல. நேராகப் பார்த்தால் இடைவெளி வழியே தெரியும், பக்கவாட்டில் சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் இருட்டு. அது மறைப்பது கோணத்தை மட்டும்தான். தூரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

உங்கள் கடையில் அளந்து பாருங்கள். நீங்கள் திரையிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறீர்கள். தோளை ஒட்டி அரை மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கோணம் 45 டிகிரி, அவருக்கு ஒன்றும் தெரியாது. அதே அரை மீட்டர் விலகி, ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால், திரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் வரிசையில் நிற்பவருக்குக் கோணம் 18 டிகிரிதான். அவர் முழுதும் படிப்பார். பின்னால் போகப் போகக் கோணம் சுருங்கும், வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் வழி திறந்தே கிடக்கும். மேலிருந்து எட்டிப் பார்ப்பவரையும் செங்குத்துத் தகடு தடுக்காது.

ஆகவே உங்கள் முதுகு சுவரை ஒட்டியிருக்க வேண்டும், வரிசை மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஃபில்டர் பக்கவாட்டைப் பார்த்துக்கொள்ளும். விண்ணப்பதாரர் விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் திரையை அவர் பக்கம் நேராகத் திருப்பிக் காட்டுங்கள், அவரை உங்கள் பின்னால் அழைக்காதீர்கள். போட்டோ காப்பி எடுக்க எழுந்து போகும்போது விண்டோஸில் `Windows + L` அழுத்துங்கள். ஆளில்லாத நாற்காலிக்கு நேராக நிற்பவருக்கு எந்த ஃபில்டரும் தடையில்லை.

இன்னொன்று. ஃபில்டர் திரை வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இருபக்கமும் பயன்படுத்தக்கூடிய ஃபில்டர் என்றால் மேட் பக்கத்தை வெளியே வையுங்கள். கிளாஸி பக்கம் வெளியே இருந்தால் மேலே துணிக்கடைக்காரருக்குச் சொன்ன கூசல் உங்களுக்கும் வரும். அணைத்துப் பார்க்கும் சோதனையை ஃபில்டர் போட்ட பிறகும் ஒருமுறை செய்யுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து தினமும் ரயில். போனில் பிரைவசி கிளாஸ் ஒட்டியும், எதிரில் நிற்பவர் வாட்ஸ்அப்பைப் படிக்கிறார்.

உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மேலே, நேர் கோட்டில் நிற்கிறார், அதனால்தான். இருபக்க கிளாஸ் இடம் வலம் மட்டும்தான் மறைக்கும். நான்கு பக்கம் மறைக்கும் கிளாஸ் கிடைக்கிறது, ஆனால் திரை இன்னும் மங்கும். ஒட்டிய பிறகு திரைக்கடி விரல்ரேகை வேலை செய்யாவிட்டால் ரேகையை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.

கொளத்தூர். மேட் ஸ்க்ரீன் கார்டு ஒட்டியதும் வெள்ளைப் பக்கத்தில் கலர் கலராக மின்னுகிறது. போன் போய்விட்டதா?

போன் நன்றாக இருக்கிறது. மேட் பரப்பின் சொரசொரப்பு ஒவ்வொன்றும் குட்டி லென்ஸாகி, கீழே இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பெரிதாக்குகிறது. பிக்சல் சிறிதாக இருக்கும் போனில் இது அதிகம். உரித்துவிடுங்கள். மூலையில் தொடங்கி, திரைக்கு இணையாக, மெதுவாக.

மணலி. மேட் மானிட்டரில் துடைத்த இடமெல்லாம் பளபளவென்று திட்டு விழுந்துவிட்டது. எப்படிப் போக்குவது?

போகாது. தூசியோடு சேர்த்து அழுத்தித் தேய்த்ததால் மேட் பரப்பே வழவழப்பாகிவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றுங்கள்: முதலில் மானிட்டரை அணைத்து மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அழுத்தாமல் துடையுங்கள். திரை மேல் நேராக ஸ்ப்ரே அடித்தால் நீர் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி கிளீனர் எந்தத் திரைக்கும் வேண்டாம்.