மருந்துக்கடை திறப்பு நாள் வரவேற்புரை: கவுண்டரில் சொல்லப்போவதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் சின்னதாக ஒரு மருந்துக்கடை திறக்கிறேன். திறப்பு நாளில் நானே வரவேற்புரை பேச வேண்டும். எவ்வளவு நேரம் பேசலாம்? என்ன பேசுவது?

நான்கு நிமிடம் போதும். அதில் பாதிக்கு மேல், கடைக்கு வருகிறவர்களுக்கு நாளைக்கே தேவைப்படும் விஷயங்கள் இருக்கட்டும். நன்றி கடைசியில் வரட்டும், அதுவும் சுருக்கமாக.

நான் மருந்தாளுநர். என் கடையைத் திறந்த அன்று பன்னிரண்டு நிமிடம் பேசினேன். படிக்க வைத்தவர்கள், கடன் கொடுத்தவர், அலமாரி செய்து தந்தவர் என்று எல்லாருக்கும் நன்றி சொன்னேன். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் முடித்ததும் பக்கத்தில் வந்து, "எத்தனை மணிக்குப்பா திறப்பீங்க?" என்று கேட்டார். அதுவரை அதை நான் சொல்லவே இல்லை. மறுநாள் காலை கடையில் வந்த முதல் வாக்குவாதம், மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டவரோடு. முந்தைய நாள் அவரும் கூட்டத்தில் நின்று கை தட்டியவர்தான்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். "சீட்டு இல்லாமல் தரமாட்டேன்" என்று கவுண்டரில் ஒருவரிடம் சொன்னால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதே சொல்லைத் திறப்பு நாளில் எல்லார் முன்னாலும் சொன்னால் அது கடையின் வழக்கம். யாருக்கும் வருத்தம் வராது. எனவே, எந்தெந்த விஷயத்துக்கு நாளைக்குக் கவுண்டரில் சங்கடப்பட்டு மறுக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். அவற்றில் மூன்றை மட்டும் உரையில் வையுங்கள். நான்காவதைச் சேர்த்தால் முதலாவது மறந்துபோகும்.

முதலாவது ஆன்டிபயாடிக். என் தம்பி போன வருடம் கடை திறந்தபோது அவன் எழுதி வைத்திருந்த வரி இது: "மருத்துவரின் சீட்டு இன்றி ஆன்டிபயாடிக் மருந்துகள் வழங்கப்படமாட்டா." தவறில்லை, ஆனால் அறிவிப்புப் பலகை பேசுகிற மாதிரி இருந்தது. கேட்கிறவருக்கு ஏன் என்றும் தெரியாது, அப்புறம் என்ன செய்வது என்றும் தெரியாது. உட்கார்ந்து மாற்றினோம். சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிடக் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. இது காரணம். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியம், மறுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு உதவி இருக்க வேண்டும்: "சீட்டு இல்லையென்றாலும் வாங்க, எத்தனை நாளாக இருக்கு, என்ன செய்யுது என்று கேட்டு, டாக்டரைப் பார்க்க வேண்டியதா, வீட்டிலேயே சரியாகிவிடுமா என்று சொல்கிறோம்." மருந்து தராவிட்டாலும் கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிற கடை இல்லை என்பது அதிலேயே புரிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளைப் பற்றி. இதற்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு பேசுங்கள். தம்பி மூன்று அட்டைகளை எடுத்துக்கொண்டான்: ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்கு, ஒன்று உடம்பு வலிக்கு. மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். மூன்றையும் ஒருவர் நாளைக்கு மூன்று வேளை போட்டால் நாலரை கிராம் ஆகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் கெடலாம். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த அளவே அதிகம். இந்தக் கணக்கை உரையில் சொல்ல வேண்டாம், கூட்டத்தில் எண் நிற்காது. அட்டையைத் திருப்பிக் காட்டி, "பேர் மூணு, உள்ளே இருக்கிறது ஒரே மருந்து" என்று சொன்னால் போதும். அந்த வாரமே ஒருவர் துணிப்பை நிறைய மாத்திரைகளோடு கடைக்கு வந்தார் என்று தம்பி சொன்னான்.

மூன்றாவது, கடைக்கு வரக்கூடாத நேரம். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுந்துபோவது, பேச்சுக் குளறுவது. ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பக்கத்தில்தானே கடை இருக்கிறது என்று மாத்திரை கேட்டு வந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்து கழியும். இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள்.

இனி, சொல்லக்கூடாதவை. இதில்தான் நல்ல மனதோடு பேசுகிறவர்களே தவறிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு திறப்பு விழாவில், முன்பு வேறு கடையில் வேலை பார்த்த மருந்தாளுநர், பாசத்தில், "இதோ நிற்கிறாரே, பத்து வருஷமாக சுகர் மாத்திரைக்கு என்னைத் தேடித்தான் வருவார்" என்று ஒருவரைக் கை காட்டினார். அந்த மனிதர் சிரித்தார். அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டுவிடக்கூடாதே என்று அவர் தவித்தது அப்புறம்தான் தெரிந்தது. பெயரோ நோயோ மருந்தோ, மூன்றில் எதையும் எவரோடும் சேர்த்து மேடையில் சொல்லாதீர்கள், நன்றிக்காகக்கூட. கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களும் "நாளைக்கு என்னைப் பற்றியும் சொல்வாரோ" என்றுதான் நினைப்பார்கள்.

வாக்குறுதியிலும் கவனம் வேண்டும். "எல்லா மருந்தும் கிடைக்கும்" என்று எந்தச் சின்னக் கடையும் சொல்ல முடியாது. முதல் மாதத்தில் எது போகும் எது தங்கும் என்றே உங்களுக்குத் தெரியாது. இல்லாததை எழுதி வைத்துக்கொண்டு, என்றைக்கு வரும் என்று சொல்வோம் என்பதை வேண்டுமானால் தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதைச் செய்ய முடியும்.

தம்பி கடைசியில் பேசியது ஏறக்குறைய இதுதான். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். வெயிலையும் பார்க்காமல் வந்திருக்கீங்க, அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கடை காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை இருக்கும். ஞாயிறு மதியம் ஒரு மணி வரை. நேரமும் போன் நம்பரும் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கு.

ஒரு விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் டாக்டர் சீட்டு இருந்தால்தான் தருவோம். என் அம்மா வந்து கேட்டாலும் அப்படித்தான். சாதாரணச் சளிக்கு அது வேலை செய்யாது, வீணாகச் சாப்பிட்டால் நிஜமாகத் தேவைப்படும்போது கை கொடுக்காது. ஆனால் சீட்டு இல்லையே என்று வராமல் இருக்க வேண்டாம். வாங்க, என்ன செய்யுது என்று சொல்லுங்க. டாக்டரைப் பார்க்க வேண்டியதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறோம்.

இந்த மூணு அட்டையைப் பாருங்க. பேர் மூணு. திருப்பினால் உள்ளே இருக்கிறது ஒரே மருந்து. மூணையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிப்போகும். அதனால் இந்த வாரம் எப்போது நேரம் கிடைக்குதோ, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எதற்கு, எது தேதி முடிந்தது என்று எழுதித் தருகிறேன். எதையும் வாங்க வேண்டியதில்லை.

நெஞ்சு அழுத்தினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ இங்கே வராதீங்க. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்களுக்குப் போன் பண்ணினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லித் தருகிறோம், ஆனால் நிற்காமல் கிளம்புங்க.

நீங்கள் என்ன வாங்கினீங்க என்று இந்தக் கடையில் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். சத்தமாகச் சொல்ல விருப்பமில்லாத பேச்சுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டிருக்கோம்.

இந்தக் கடை நிற்பதற்குக் காரணம் என் அக்காவும், தொழில் சொல்லிக் கொடுத்த ஆசிரியரும். இரண்டு பேரும் இங்கேயே இருக்காங்க. அவர்களுக்கு நன்றி. உங்களுக்கும் நன்றி. உள்ளே வாங்க."

நிதானமாகப் படித்தால் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மனதுக்குள் படித்து நேரம் பார்க்காதீர்கள், நின்றுகொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கையில் முழுத் தாள் வேண்டாம். நேரம், ஆன்டிபயாடிக், அட்டை, ஆஸ்பத்திரி, நன்றி என்று ஐந்து சொல் எழுதிய துண்டுக் காகிதமும் அந்த மூன்று அட்டைகளும் போதும். கூட்டத்தில் குழந்தைகள் இருப்பார்கள், பேசி முடித்ததும் அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள், மேசையில் வைக்காதீர்கள்.

உங்கள் கடையோடு டாக்டர் உட்காரும் அறையும் இருந்தால், அவர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வருவார் என்பதையும், அவர் இல்லாதபோது யாரிடம் போக வேண்டும் என்பதையும் இரண்டு வரியாகச் சேருங்கள்.

பேசி இறங்கியதும் யாராவது ஒருவர் எல்லார் முன்னாலும் தன் மாத்திரையைப் பற்றிக் கேட்பார். அந்த இடத்திலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். "உள்ளே வாங்கய்யா, உட்கார்ந்து பேசலாம்" என்று அந்த நாற்காலிக்குக் கூட்டிப் போங்கள்.